இரண்டாம் வாசகர் போட்ட பூஜ்ஜியம்

அந்த மாலைக் கல்லூரியில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருந்தார்கள். இவள் நாற்பதைத் தாண்டியவள். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எந்த முகத்துக்கு எந்த ஃப்ரேம் எடுபடும் என்று சொல்ல வேண்டும், டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்ஸுக்குச் சொல்லிவிட வேண்டும், தயாராகி வந்த கண்ணாடியைக் காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி வளைத்துக் கொடுக்க வேண்டும். பாதிப்பேர் கண்ணாடி போட்டதும் அழகாக இருக்கிறதா என்று கேட்பார்கள், தெரிகிறதா என்று யோசிக்கவே மாட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இரண்டுக்கும் பதில் சொல்லுவாள்.

அரசியல் அறிவியல் பட்டப்படிப்பு அவளுக்குக் கல்யாணத்தோடு பாதியில் நின்றுபோனது. நின்றுபோனது என்று சொல்வது மரியாதைக்கு. நிறுத்தினார்கள் என்பதுதான் நிஜம். நிறுத்தியவர்கள் பெற்றவர்கள். மகள் வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, "விட்ட இடத்துல இருந்து பிடிச்சுடு, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று திரும்ப அனுப்பியவர் கட்டிக்கொண்டவர். அப்படிச் சொல்லும் புருஷன்மார் உலகத்தில் கொட்டிக் கிடக்கவில்லை. சொன்னதோடு நிற்காமல் சமைக்கவும் கற்றுக்கொண்டார். அவர் ஆரம்பத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட பிறகு பட்டம் வாங்கும் உறுதி இன்னும் கூடியது என்று அக்கா கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய்க் கதவு சரியாக மூடுகிறதா, கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, அவசர மணி அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவார். பார்க்காத ஒன்றுக்கு டிக் போட்டார் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். தெரு நாய்கூட அவரைப் பார்த்தால் வழிவிட்டு நிற்காது, கூடவே நடக்கும். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அக்கா நினைத்திருந்தாள்.

கடைசி வருஷத்தின் பெரிய கட்டுரை ஒப்பீட்டு அரசியலில் வந்தது. பாப்புலிசம் என்றால் என்ன என்று வரையறுத்து, அந்த வரையறையை ஒன்றுக்கொன்று மாறான இரண்டு உதாரணங்களில் சோதிக்க வேண்டும். அது தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருஷம். அக்கா தலைப்பைப் பார்த்ததும் உள்ளுக்குள் துள்ளினாள். இது அவளுக்குத் தெரிந்த விஷயம். தினமும் பேப்பரில் வருகிறதே, டீக்கடை வரைக்கும் அடிபடுகிற வார்த்தையாயிற்றே.

ஒரே மூச்சில் எழுதினாள். தாங்க முடியாத இலவசங்களை அள்ளி வீசி, மேடையில் தொண்டை கிழியக் கத்தி, ஓட்டு வாங்குவது பாப்புலிசம். அதற்கு உதாரணம் பக்கத்து நாட்டு அதிபர். அவரை இந்த நாட்டுக்காரர்கள்கூட லவுட்ஸ்பீக்கர் என்றுதான் சொல்வார்கள். எல்லார் வீட்டுக்கும் அடுப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் என்று கொடுத்துக்கொண்டே இருந்தவர். மேடையில் ஆடுவார், மைக்கைப் பிடுங்கிப் பாடுவார். மாறான உதாரணம் இந்த நாட்டுத் தலைவர். முன்பு அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய பதவியில் இருந்ததால் அவருக்கு ஆடிட்டர் என்று பெயர். அதிர்ந்து பேச மாட்டார், எதையும் இலவசமாகத் தர மாட்டார், கையில் எப்போதும் ஓர் அறிக்கை இருக்கும்.

பாடம் நடத்தும் மேடத்தின் அறை, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் மூச்சுவிட இடமில்லாத அறை. மேடம் அக்காவைவிடச் சின்னவர். தாளைப் படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை.

"இலவசம் குடுத்தா பாப்புலிசமா?"

"ஆமா மேடம்."

"அப்ப வயசானவங்களுக்குப் பென்ஷன் குடுக்கற எல்லா அரசாங்கமும் உள்ள வந்துடும். சத்தம் போட்டா பாப்புலிசமா?"

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொண்டை கட்டினவர் தப்பிச்சுடுவாரே. இது திட்டறதுக்கு ஆகும், அளக்கறதுக்கு ஆகாது. நீங்க மொதல்ல ஆளைப் பிடிச்சுட்டீங்க. அப்புறம் அவருக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சீங்க. இப்ப சட்டை எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்கன்னு என்கிட்ட காட்டறீங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆளை மறந்துட்டு வரையறையை எழுதுங்க. யாராவது ஒருத்தர் அதுக்கு வெளியே நிக்கணும். எல்லாரும் உள்ள வந்துட்டாலும் பிரயோஜனம் இல்ல, நமக்குப் பிடிக்காதவங்க மட்டும் உள்ள வந்தாலும் பிரயோஜனம் இல்ல. எழுதின பிறகு சோதிச்சுப் பாருங்க. வர்ற முடிவு உங்களுக்குப் பிடிக்கலன்னா வரையறையைத் தொடக் கூடாது. அதான் நிபந்தனை."

சொல்வது எளிது. அக்கா நூலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போனதுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில் ஒருவழியாக ஒரு வரையறை தேறியது. அதற்கு மூன்று கால்கள். ஒன்று, சமூகத்தை நல்லவர்களான மக்கள் என்றும் கெட்டுப்போன மேலிடத்தார் என்றும் இரண்டாகப் பிளந்து, அதை நல்லதற்கும் கெட்டதற்கும் நடக்கும் சண்டையாகக் காட்டுவது. இரண்டு, மக்களுக்கு ஒரே ஒரு விருப்பம்தான் உண்டு என்பது. மூன்று, அந்த விருப்பம் தனக்குத்தான் தெரியும், தன்னை எதிர்ப்பவர்கள் மக்களில் சேர்த்தியே இல்லை என்பது. மூன்றும் சேர்ந்தால்தான் பாப்புலிசம். ஊழலைத் திட்டினால் மட்டும் போதாது, அதை எல்லாக் கட்சியும் செய்கிறது. ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. மேடம் படித்துவிட்டு, "இது அளக்கும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அக்காவுக்கு அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதுகூட உட்கார்ந்து போன மாதிரி இருந்தது.

அளக்கும் முறையையும் மேடமே சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தலைவருக்கும் நாலு பேச்சு. தேர்தல் மேடையில் பேசியது, ஏதாவது திறப்பு விழாவில் பேசியது, வெளிநாட்டு அரங்கில் பேசியது, ஊரே பேசும்படி பெயர் வாங்கிய ஒன்று. தேர்தல் மேடையை மட்டும் எடுத்தால் எல்லாருமே சூடாகத்தான் தெரிவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பேச்சையும் முழுசாகப் படித்துவிட்டு, மூன்று காலும் அழுத்தமாக இருந்தால் இரண்டு, இருந்தும் இல்லாமல் இழுத்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்ஜியம்.

அக்கா படித்தாள். முதல் அதிர்ச்சி லவுட்ஸ்பீக்கரிடமிருந்து வந்தது. அந்த மனுஷன் கத்துகிறார், பாடுகிறார், அடுப்பு தருகிறேன் என்கிறார், எல்லாம் உண்மை. ஆனால் அவர் பேச்சில் மக்கள் ஒரே கூட்டமாக இல்லை. மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று வேண்டும், ஆலைக்காரர்களுக்கு வேறொன்று வேண்டும், இரண்டும் முட்டும், உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்கிறார். எதிர்க்கட்சித் தலைவியைக் கிண்டலடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே, "அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டவங்க வீட்டுக்கும் அடுப்பு வரும், அவங்களும் எனக்குச் சம்பளம் குடுக்கறவங்கதான். நான் தோத்தா வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்" என்கிறார். பூஜ்ஜியம். ஒரே ஒரு பேச்சில் மட்டும் பணக்காரர்களைக் கடித்துக் குதறியதால் ஒன்று.

இரண்டாவது அதிர்ச்சி ஆடிட்டர். அக்காவுக்கு அவர்மேல் கோபம் எதுவும் கிடையாது. நாணயமான மனுஷன் என்றுதான் அவளும் நினைத்தாள். அந்த மெல்லிய குரலை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாகப் படித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்தல் பேச்சுக்கு இரண்டு, திறப்பு விழாப் பேச்சுக்கு இரண்டு, வெளிநாட்டுப் பேச்சுக்கு ஒன்று என்று போட்டாள். கடைசியாகப் பேர் வாங்கிய பேச்சு. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்த பொது வாக்கெடுப்பில் ஜெயித்த அன்று பேசியது. நகரசபைகளைக் கலைத்துவிட்டு எல்லா அதிகாரத்தையும் தன்கீழ் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆமாம் என்றார்கள். அன்றைக்கு அவர் சொன்னது இது: "மக்கள் ஒரே குரலில் பேசிவிட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை மக்களில் ஒரு பகுதி என்று நான் கருதவில்லை. அவர்கள் விலைபோனவர்கள், அல்லது விலைபோனவர்களால் ஏவப்பட்டவர்கள்."

டெலிவிஷனில் இதைக் கேட்டபோது அக்காவுக்கு இவ்வளவு தெளிவாகக் காதில் விழவில்லை. அன்று வீட்டில் ஐஸ்கிரீம் இருந்தது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் பெரிய டப்பாவாக வாங்கி வந்திருந்தார். இரண்டு பேருமாகக் கைகோத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள். அவர் ஆமாம் என்று போட்டார். அக்கா வேண்டாம் என்று போட்டாள்.

அதற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. தெருமுனைச் சாக்கடை மூடி உடைந்து கிடந்தபோது அவள் வார்டு கவுன்சிலருக்குப் போன் செய்தாள்; அந்த அம்மாள் போனை எடுத்தாள், திட்டினாள், மறுநாள் ஆள் அனுப்பினாள். நகரசபை போய்விட்டால் அடுத்த மூடிக்கு யாரிடம் சொல்வது என்று வாக்குச்சீட்டைப் பிடித்தபடி யோசித்தாள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அக்கா அந்தப் பேச்சுக்கு இரண்டு என்று எழுதினாள். தான் எழுதிய வரையறையின் மூன்றாவது காலுக்குக் கீழே தானே சிக்கிக் கிடப்பதை அவள் அந்த நிமிஷம்தான் பார்த்தாள்.

ஒருவர் மட்டும் படித்து மதிப்புப் போட்டால் அது அவருடைய விருப்பு வெறுப்பு என்று சொல்லிவிடலாம். அதனால் இரண்டாம் வாசகர் ஒருவர் வேண்டும். முதல் வாசகர் போட்டதைப் பார்க்காமல் தனியாகப் படித்துத் தனியாகப் போட வேண்டும். வகுப்பில் அவரவர் கட்டுரையே அவரவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தானாகவே, "நான் படிக்கறேன், குடு" என்றார். பேரை மறைத்துக் கொடுத்தாலும் ஆடிட்டர் பேச்சை அவர் கண்டுபிடித்துவிடுவாரே என்று அக்கா மேடத்திடம் கேட்டாள். "கண்டுபிடிச்சா பரவாயில்ல, அதையும் கட்டுரையில எழுதிடுங்க. ஆளுக்கு மார்க் போடாம, பேச்சுல இருக்கறதுக்குப் போடச் சொல்லுங்க" என்றார் மேடம்.

வீட்டுக்காரரைப் போல ஒரு வாசகர் யாருக்கும் கிடைக்க மாட்டார். முதலில் வேறு யாரோ பேசிய பயிற்சிப் பேச்சுகளைப் படித்து இருவரும் பழகிக்கொண்டார்கள். அதில் இருவருக்கும் மதிப்பு அச்சாக ஒத்துப்போனது. பிறகு எட்டுப் பேச்சையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினார். முடித்துவிட்டு, "இது லிஃப்டை விடக் கஷ்டம்" என்று சொல்லித் தாளைக் கொடுத்தார்.

லவுட்ஸ்பீக்கரின் நாலு பேச்சிலும் இருவரும் ஒரே மதிப்புப் போட்டிருந்தார்கள், அந்த ஒற்றை ஒன்று உட்பட. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே ஆடிட்டர். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

அக்கா அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி பேயறைந்த மாதிரி நின்றாள். ஏதோ வரிசை மாறியிருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாறவில்லை.

மறுநாள் மேடத்தின் அறையில் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "அவருக்கு ஆடிட்டரைப் பிடிக்கும் மேடம். அதான் இப்படிப் போட்டுட்டார்."

மேடம் வெகுநேரம் பார்த்தார். "கவனமில்லாம படிக்கற ஆள் எல்லாத்துலயும் அங்கங்க தப்புவார். இவர் பாதியில முழுக்க ஒத்துப்போறார், பாதியில முழுக்க விலகறார். இது கவனக்குறைவு இல்ல. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம், உங்க வரையறையில ஓட்டை இருக்கலாம். உட்கார்ந்து பேசுங்க. அவரை மடக்கப் பார்க்காதீங்க. அவர் மாத்திக்கிட்டா ஏன் மாத்தினார், மாத்தலன்னா ஏன் மாத்தலன்னு எழுதிட்டு வாங்க. அது இல்லாம கட்டுரை தேறாது."

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசை. வீட்டுக்காரர் தட்டில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எட்டுப் பேச்சையும் பரப்பினாள். பட்டம் போனாலும் போகட்டும், இது ஏதோ கைப்பிழையாக இருந்துவிட்டால் போதும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனுடைய கணக்கில் தான் மக்களில் ஒருத்தியா இல்லையா என்பது ஒரு தாளில் எழுதியிருக்கிறதே.

முதலில் திறப்பு விழாப் பேச்சு. வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார். "இதுல அவர் துறைமுக அதிகாரிங்களைத் திட்டறார். சும்மா திட்டல. இன்ன தேதி, இன்ன பில்லுன்னு அறிக்கையைக் காட்டித் திட்டறார். திருடினவனைத் திருடன்னு சொல்றது, நல்லவங்க கெட்டவங்கன்னு ஊரைப் பிளக்கறதாகுமா?"

அக்கா பேச்சை மறுபடி படித்தாள். அவர் சொன்னது சரி. அந்தப் பேச்சில் குறிப்பிட்ட நாலு அதிகாரிகள் இருந்தார்கள். மேலிடம் முழுக்கக் கெட்டது என்று எங்கும் இல்லை. பேச்சின் கடைசியில் மட்டும் மக்கள், மேலிடம் என்ற பிளவு லேசாக எட்டிப் பார்த்தது. அவள் தன் இரண்டை அடித்துவிட்டு ஒன்று போட்டாள். தோற்றுப்போனதில் அவளுக்கு அத்தனை நிம்மதி. மிச்சமும் இப்படியே தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

பேர் வாங்கிய பேச்சு வந்தது.

"இந்த வரியைப் படிச்சீங்களா? வேண்டாம்னு சொன்னவங்க மக்களில் ஒரு பகுதின்னு நான் கருதலன்னு சொல்றாரே."

"படிச்சேனே. கோடு போட்டிருக்கேன் பாரு."

போட்டிருந்தார். ஸ்கேல் வைத்து நேராக.

"அப்புறம் எப்படி யாரையும் விலக்கலன்னு எழுதினீங்க?"

"விலக்கலையே. நல்லாப் படி. மக்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் பேசறார். ஒருத்தரையும் விடல."

"அந்த வேண்டாம்னு போட்டவங்க?"

"அவங்க மக்கள் இல்லையே."

கத்தியை நிறுத்தாமல் சொன்னார். கோபம் இல்லை, வீம்பு இல்லை. சரக்கு லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுத மாட்டோம், எத்தனை கிலோ என்றுதான் எழுதுவோம் என்று அவர் ஒருமுறை அவளுக்கு விளக்கியபோது இருந்த அதே குரல்.

அவர் தப்பாகப் படிக்கவில்லை. ஏமாற்றவில்லை. ஆடிட்டருக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. மூன்றாவது காலுக்காக அக்கா எழுதிக் கொடுத்த கேள்வித்தாளில் 'மக்களில் யாரையாவது விலக்குகிறாரா' என்று இருந்தது. அவர் தேடிப் பார்த்திருக்கிறார், மக்களில் யாரும் விடுபடவில்லை, பூஜ்ஜியம் போட்டிருக்கிறார். வட்டத்துக்குள்ளே நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு வட்டம் முழுசாகத்தான் தெரியும். இதைப் போய் வாத்தியார்த்தனமாக அவரிடம் சொல்லவா முடியும்?

"யாருங்க அவங்க? உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைச் சொல்லுங்க."

அவர் நேர்மையாக யோசித்தார். "நமக்குத் தெரிஞ்சவங்கள்ல யாரும் கிடையாது. அதான் சொல்றேன்."

"மூணுல ஒரு பங்குங்க. இந்தக் கட்டடத்துலயே பத்து வீட்டுக்காரங்க இருப்பாங்க."

"எங்கயாவது இருப்பாங்க. காசு வாங்கினவங்க எங்க சொல்லுவாங்க?"

அக்கா தட்டையே பார்த்தாள். ஆப்பிள் துண்டுகளை அவர் அவள் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார், விதை எடுத்து. பல் கூசும் என்று அவளுக்குத் தோலையும் சீவியிருந்தார். இவ்வளவு பிரியமான மனுஷனிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். 'கருத்து வேறுபாடு தொடர்கிறது' என்று ஒரு வரி எழுதினால் மேடம் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார். ஆனால் சொல்லாமல் விட்டால் இனிமேல் இந்த மேசையில் உட்கார்ந்து தன்னால் ஒரு வாய் சாப்பிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வேண்டாம்னுதான் போட்டேன்."

அவர் சிரித்தார். கட்டுரைக்காகச் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"அன்னிக்கு. நீங்க எனக்கு முன்னாடி நின்னீங்க. நான் உங்களுக்குப் பின்னாடி போய்ப் போட்டேன்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. வீட்டுக்காரரின் முகம் வெளிறிப்போனது. அவரை அப்படி அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், மகள் சின்ன வயதில் ஜுரத்தில் நினைவு தப்பியபோது. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்னது?"

"அப்படிப் போடச் சொல்லி யாரு சொன்னா? அந்த மேடமா?"

"நான் காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடிங்க அது."

"அப்ப கடையில யாராவது. உன் முதலாளி ஒரு மாதிரியான ஆளு."

"யாரும் சொல்லல. சாக்கடை மூடிக்காகப் போட்டேன். கவுன்சிலர் அம்மா போன் எடுத்தாங்கன்னு போட்டேன்."

"அந்தக் கவுன்சிலரா?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தேடியது கிடைத்துவிட்ட வெளிச்சம். "ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தாளா?"

"வரலங்க. நானே யோசிச்சேன். வரிசையில நிக்கும்போது நானே யோசிச்சேன்."

"சரி, சரி. உன்மேல தப்பில்ல." அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ அவங்கள்ல ஒருத்தி இல்ல. உன்னை எனக்குத் தெரியாதா?"

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கும் முந்தின இடத்தில் எல்லாம் உறைந்து நின்றுவிட்டது. விலைபோனவள் என்று அவர் அவளைச் சொல்லவில்லை. அது பெரிய மனசுதான். அதனால் அவளுக்கு மிச்சம் இருந்த இன்னொரு இடத்தில், ஏவப்பட்டவள் என்ற இடத்தில், பத்திரமாக, அன்பாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஆடிட்டர் அந்தப் பேச்சில் எதிர்த்தவர்களுக்கு இரண்டே நாற்காலிதான் போட்டிருந்தார். தானாக யோசித்து வேண்டாம் என்று சொன்ன ஒருத்திக்கு அங்கேயும் இடமில்லை, இந்த வீட்டிலும் இல்லை.

"இப்ப இந்தப் பேச்சுக்கு மார்க்கை மாத்தறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தாளை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோடு போட்ட வரியை மறுபடியும் படித்தார். உதடு அசைய, நிதானமாகப் படித்தார். அவளுக்காக மாற்றிவிடலாம் என்று அவருக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பார்க்காததற்கு டிக் போடுகிறவர் இல்லையே.

"இல்லம்மா. இதுல நீ சொல்றது எனக்குத் தெரியல. தெரியாம எப்படிப் போடறது?"

பூஜ்ஜியம் அப்படியே நின்றது.

அக்கா பேனாவை எடுத்தாள். மேடம் சொன்னபடி காரணம் எழுத வேண்டும். கை தானாக எழுதியது. ஒரு பேச்சில் முதல் வாசகர் தன் மதிப்பைக் குறைத்துக்கொண்டார். இரண்டாம் வாசகரின் விளக்கம் சரியானது. அதில் ஒரு புள்ளி வேறுபாடுதான் மிச்சம். மற்ற மூன்றில் வேறுபாடு அப்படியே தொடர்கிறது. எதிர்ப்பவர்களை விலக்கும் வரிகளை இரண்டாம் வாசகர் கவனித்துக் கோடிட்டிருக்கிறார். ஆனால் எதிர்ப்பவர்கள் மக்களில் அடங்கமாட்டார்கள் என்பதால் அதை விலக்கலாக அவர் கருதவில்லை. எதிர்த்து வாக்களித்த ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்து அதைச் சொன்ன பிறகும், அவரை வேறு யாரோ தூண்டியிருக்க வேண்டும் என்றே இரண்டாம் வாசகர் நினைக்கிறார். வரையறையில் மாற்றம் செய்யப்படவில்லை.

எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேனா, பாருங்க. இல்லாததை எழுதியிருந்தா சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு முந்தின வரியில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த வரியில் அவர் தன்னைப் பார்த்துவிடுவார், இப்போது பார்த்துவிடுவார் என்று காத்திருந்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். தாளை மடங்காமல் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்பவாவது சொல்லும்மா. யாரு அது?"